பட்டியலில் இல்லாததைத் திரை மறுத்ததாகக் கொள்ளலாமா?

ஓர் ஆய்வகத்தில் இரண்டு கணினிகள் ஒரே திரையைப் பகிர்ந்துகொள்கின்றன. நடுவே ஒரு ஸ்விட்ச். அதிலிருந்து திரைக்கு ஒற்றை இணைப்பு டிவிஐ கேபிள். திரையின் இயல்பான அளவு 1920x1200. ஆனால் லினக்ஸ் காட்டும் பட்டியல் 1024x768 உடன் முடிந்துவிடுகிறது. ஆய்வு மாணவர் ஒருவர் எங்கோ கண்ட மூன்று கட்டளைகளை அப்படியே தட்டச்சு செய்கிறார், திரை கறுத்துப்போகிறது. ‘இந்தத் திரைக்கு அது முடியாது’ என்று முடிவு கட்டப்படுகிறது. இம்முடிவு தவறானது, தவறு கட்டளைகளில் அன்று, படிக்காமல் விட்ட ஓர் ஆவணத்தில் இருக்கிறது.

அந்த ஆவணமே ஈடிஐடி. தன்னால் எவ்வெவற்றைக் காட்ட இயலும் என்பதைத் திரை 128 பைட்டுகளில் எழுதி, கேபிள் வழியாகக் கணினிக்குத் தெரிவிக்கிறது. நடுவிலுள்ள ஸ்விட்ச் அதைக் கடத்தாவிட்டால், கணினி எச்சரிக்கையாகச் சில பழைய அளவுகளை மட்டும் முன்வைக்கும். ஆகவே குறுகிய பட்டியல் என்பது திரையின் மறுப்பு அன்று. அதன் குரல் வந்து சேரவில்லை என்பதே பொருள். ஸ்விட்ச் வழியாக இணைத்திருக்கும்போது `/sys/class/drm/card0-DVI-D-1/edid` என்ற கோப்பு வெறுமையாக இருந்தால் இது உறுதியாகும். கோப்பின் பெயர் கணினிக்குக் கணினி சற்று மாறும்.

ஸ்விட்சை விலக்கித் திரையை நேரடியாக இணைத்து, அதே கோப்பை `edid-decode` கொண்டு படித்தால் இரண்டு செய்திகள் கிடைக்கும். முதலாவது, திரை தனக்கு உகந்ததாகக் கூறும் விரிவான நேரக்கணக்கு. இத்திரையில் அது `28 3C` என்று தொடங்குகிறது. பைட்டுகளை இடம் மாற்றி 3C28 எனப் படித்தால் 15400. அலகு 10 கிலோஹெர்ட்ஸ் ஆதலால் 154 மெகாஹெர்ட்ஸ். இரண்டாவது, எல்லைகளைக் கூறும் பகுதி: இத்திரை ஏற்கும் உச்ச பிக்சல் வேகம் 170 மெகாஹெர்ட்ஸ்.

இனி மாணவரின் தோல்வி விளங்கும். `cvt 1920 1200` என்ற கட்டளை தந்த வேகம் 193.25 மெகாஹெர்ட்ஸ். காட்டப்படும் பிக்சல்கள் மாறவில்லை. மாறியது வெற்று இடைவெளி. பழைய குழாய்த் திரைகளில் எலக்ட்ரான் கதிர் வரியின் தொடக்கத்துக்குத் திரும்ப நேரம் தேவைப்பட்டது. அதற்காக 1920 பிக்சல் வரி 2592 ஆக நீட்டிக் கணக்கிடப்படுகிறது. தட்டைத் திரையில் திரும்ப வேண்டிய கதிர் இல்லை. `cvt -r` அந்த இடைவெளியைச் சுருக்கி வரியை 2080 ஆக்குகிறது. வேகம் 154 மெகாஹெர்ட்ஸாக இறங்குகிறது. ஒற்றை இணைப்பு டிவிஐ தாங்கும் எல்லை 165. முதல் கணக்கு திரையின் எல்லையையும் கேபிளின் எல்லையையும் ஒருசேர மீறியது. இரண்டாவது இரண்டுக்கும் உட்பட்டது, திரை தானே கூறிய வேகத்தோடும் பொருந்துகிறது.

```
xrandr --newmode "1920x1200R" 154.00 1920 1968 2000 2080 1200 1203 1209 1235 +hsync -vsync
xrandr --addmode DVI-D-1 "1920x1200R"
xrandr --output DVI-D-1 --mode "1920x1200R"
```

இவை எக்ஸ் அமர்வில் மட்டுமே இவ்வாறு செல்லும். அமர்வு முடிந்தால் மறையும். எனவே முயன்று பார்ப்பதில் நிலையான சேதம் இல்லை.

‘கறுத்தால் மீண்டும் தொடங்கலாமே, படிப்பானேன்?’ என்று கேட்கப்படலாம். கறுத்த திரை காரணத்தைச் சொல்லாது என்பதே விடை. வேகம் மிகுந்ததா, கேபிள் தாங்கவில்லையா, திரையால் இயலாததா என்று அதிலிருந்து பிரித்தறிய இயலாது. மேலே கண்ட மாணவர் இயலக்கூடிய ஒன்றை இயலாதது என்று எழுதிவைத்தார்.

ஈடிஐடி முழுமையாக வந்து சேர்ந்தாலும் அதன் பட்டியலையே இறுதியாகக் கொள்ள வேண்டியதில்லை. பொது அளவுகளைச் சுருக்கிக் குறிக்க அதில் எட்டு இடங்களே உண்டு. அவற்றில் அகலம் 8இன் மடங்காக இருத்தல் வேண்டும். 1366 அவ்வாறு வகுபடாது. எனவே 1366x768 அந்த எட்டு இடங்களுள் ஒன்றிலும் இடம்பெற வழியே இல்லை. பட்டியல், படிவத்தில் எழுத இடம் இருந்தவற்றைக் கூறுகிறது. எல்லைப் பகுதியே இயலுவதைக் கூறுகிறது. புதிய அளவைச் சேர்ப்பவர் கணக்கிட வேண்டியது பின்னதைக் கொண்டுதான். ஆயினும் அந்தக் கணக்கு, திரையில் இல்லாத பிக்சலை உண்டாக்காது: 1920x1200 திரை பெரிய அளவை ஏற்றுக்கொண்டாலும், சுருக்கி மங்கலாகவே காட்டும்.