நினைவாற்றல் வணிகம்: சான்று எங்கே?

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களின் மாணவர்க்கும் தேர்வுக்காலத்தில் நீர்ப்பிரமி மாத்திரை ‘நினைவாற்றல்’ என்னும் சரக்காக விற்கப்படுகிறது. சான்று என்ன?

2002இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் பங்கேற்றோர் 40 முதல் 65 வயதுடைய 76 பேர். மூன்று மாதம் உட்கொண்டபின் அவர்களிடம் புதிதாய்க் கற்றது மறக்கும் வேகம் குறைந்தது; கற்கும் வேகமோ மாறவில்லை. தேர்வுக்கு முந்தைய மாதத்தில் வாங்குவோர்க்கு இதனால் என்ன பயன்?

‘லயன்ஸ் மேன்’ காளானை 2009இல் ஜப்பானில் சோதித்தது, நினைவு மங்கத் தொடங்கிய 50 முதல் 80 வயதுடைய 30 பேரிடம். உண்பதை நிறுத்திய நான்கே வாரத்தில் மதிப்பெண் சரிந்தது.

இவ்விரு ஆய்வுகளிலும் பள்ளி மாணவர் ஒருவரும் இல்லை. மூத்தோரிடம் கண்டதை மாணவர்க்கு விற்பது அறிவியலன்று. பெற்றோரின் அச்சத்தைக் காசாக்கும் இலாபவேட்டை. தோழர்களே, விற்பவரிடம் கேளுங்கள்: எவ்வயதினரிடம், எத்தனை வாரம் சோதித்தீர்?