ஒலுவில் துறைமுகம்: மண்ணை விதி என்று சொல்ல முடியுமா?

காரைதீவிலிருந்து தெற்கே நிந்தவூரைத் தாண்டினால் ஒலுவில். 2013 செப்டம்பர் 1ஆம் திகதி அங்கே ஒரு துறைமுகம் திறந்து வைக்கப்பட்டது. டென்மார்க் கடனாகக் கிடைத்த சுமார் 46 மில்லியன் யூரோவில், வர்த்தகக் கப்பல்களுக்கு ஒரு பகுதியும் மீன்பிடிப் படகுகளுக்கு ஒரு பகுதியுமாக அது கட்டப்பட்டது. ஆனால் வர்த்தகக் கப்பல் போக்குவரத்து அங்கு உருவாகவே இல்லை. துறைமுகவாயை மணல் அடைத்ததால் பெரிய படகுகளும் உள்ளே வர முடியாமல் போயின. வடக்குப் பக்கத்தில் கரை அரிக்கப்பட்டு, தென்னைகளும் மீனவர் வாடிகளும் கடலோடு போயின.

துறைமுகமும் ஒரு பண்டம்தான். வாடிக்கையாளர் வராவிட்டால் அறிமுகம் தோற்றது என்றே பொருள். ஏன் தோற்றது என்று கேட்டால் யுத்தம், சுனாமி, தலைவரின் மரணம், கடலின் சீற்றம் என்று எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டப்படுகின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்க ஒரு கேள்வி போதும்: முடிவு எடுத்த நாளில் இதை அறிந்திருக்க முடியுமா? முடியாது என்றால் அது துரதிர்ஷ்டம். முடியும் என்றால் அது தவறான முடிவு.

துரதிர்ஷ்டத்தை முதலில் எடுப்போம். இத்திட்டத்தை முன்னெடுத்த துறைமுக அமைச்சர் எம்.எச்.எம். அஷ்ரப், 2000 செப்டம்பர் 16ஆம் திகதி ஹெலிகொப்டர் விபத்தில் இறந்தார். பின்னர் யுத்தம் தொடர்ந்தது. 2004இல் சுனாமி இந்தக் கரையையே அழித்தது. கட்டுமானம் 2008இல்தான் தொடங்கியது. இவை எவராலும் கணிக்க முடியாதவை. ஆனால் இவை செய்தது தாமதம் மட்டுமே. அஷ்ரப் உயிரோடு இருந்து, யுத்தமும் சுனாமியும் இல்லாமல், துறைமுகம் பத்து வருடம் முன்னதாகத் திறக்கப்பட்டிருந்தாலும் மணல் வந்தே தீர்ந்திருக்கும்.

ஏனெனில், வருடத்தின் பெரும்பகுதி அலைகள் இந்தக் கரையைத் தென்கிழக்கிலிருந்து சாய்வாக அடிக்கின்றன. அவை மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக வடக்கே தள்ளிச் செல்கின்றன. மாரியில் திசை மாறினாலும், வருடக் கணக்கில் வடக்கு நோக்கிய ஓட்டமே மிஞ்சுகிறது. இந்த ஓட்டத்தின் குறுக்கே கற்களால் அலைதடுப்பு போட்டால், தெற்குப் பக்கம் மணல் குவியும். அங்கே இடம் நிரம்பியதும் மணல் அலைதடுப்பின் முனையைச் சுற்றி வந்து, அலை அடங்கிய துறைமுகவாயில் படியும். வடக்குக் கரைக்குப் போக வேண்டிய மணல் போகாது, ஆனால் அலை மட்டும் தொடர்ந்து அடிக்கும். துறைமுகவாய் அடைபடுவதும் வடக்கே கரை கரைவதும் ஒரே காரணத்தின் இரண்டு முகங்கள்.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1870களில் சென்னைத் துறைமுகத்துக்கு அலைதடுப்புகள் கட்டத் தொடங்கிய பின், தெற்கே மணல் சேர்ந்து மெரினா கடற்கரை அகன்றது. வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரிக்கப்பட்டது. 1881இல் புயல் அந்த அலைதடுப்புகளை உடைத்தது துரதிர்ஷ்டம் எனலாம். மணல் சேர்ந்ததை அப்படிச் சொல்ல முடியாது.

இப்படிப்பட்ட இடத்தில் துறைமுகம் கட்டவே கூடாது என்பதில்லை. சேரும் மணலை வருடா வருடம் எடுத்து வடக்குக் கரையில் போட வேண்டும். அது கட்டுமானச் செலவு அல்ல, வீட்டு வாடகை போல முடிவே இல்லாத செலவு. அதற்கான பணமும் பொறுப்பான நிறுவனமும் திறப்பு விழாவுக்கு முன்பே உறுதியாகியிருக்க வேண்டும். அந்த ஏற்பாடு நடைமுறையில் இல்லாததால்தான், துறைமுகவாயைத் தோண்டச் சொல்லி மீனவரும், கரையைக் காப்பாற்றாமல் தோண்டாதே என்று ஒலுவில் மக்களும் எதிரெதிரே நிற்க வேண்டி வந்தது. இரு தரப்பும் கேட்டது நியாயமே. எடுக்கும் மணல் வடக்குக் கரைக்குப் போயிருந்தால் இரண்டு கோரிக்கையும் ஒன்றாகியிருக்கும்.

இரண்டாவது தவறு, வாடிக்கையாளர் பற்றியது. அம்பாறையின் நெல்லும் அரிசியும் லொறியில் வீதி வழியே போகின்றன. வடக்கே திருகோணமலையில் இயற்கையான ஆழ்துறை இருக்கிறது. ஒலுவில் கட்டப்படும்போதே, 2010 நவம்பரில், அம்பாந்தோட்டைத் துறைமுகமும் தொடங்கி வைக்கப்பட்டது. அப்படியானால் எந்தச் சரக்கு, எந்தக் கப்பலில், ஏன் ஒலுவிலுக்கு வரும்? நிச்சயமான வாடிக்கையாளர்கள் கல்முனை, சாய்ந்தமருதுப் பக்கத்துப் பலநாள் படகுக்காரர்கள். வர்த்தகக் கனவோடு கட்டிய துறைமுகத்தின் வாய் அடைபட்டபோது, முதலில் வெளியே நின்றவர்களும் அவர்களே.

யுத்தமும் சுனாமியும் கண்ட மக்களிடம் எந்தத் தோல்வியையும் விதி என்று சொல்லி நம்ப வைப்பது எளிது. ஒலுவிலில் விதிக்குச் சேர வேண்டியது தாமதம். மணலும் வராத கப்பலும், முடிவு எடுத்தவர்களின் கணக்கில் எழுதப்பட வேண்டியவை. இந்தத் துறைமுகத்தை மீட்கும் திட்டத்தோடு அடுத்து யார் வந்தாலும், எவ்வளவு செலவில் தோண்டுவீர்கள் என்பதை மட்டும் கேட்டால் போதாது. மறு வருடமும் அதற்கடுத்த வருடமும் யார் தோண்டுவார், அந்த மணல் எந்தக் கரைக்குப் போகும் என்பதற்கும் எழுத்தில் பதில் கேட்க வேண்டும்.