கண்ணில் விடும் சொட்டு மூச்சை நிறுத்தலாம்

"கண்ணில் விடும் சொட்டுத்தானே" என்ற அலட்சியம் ஆஸ்துமா நோயாளிகளுக்கு ஆபத்தானது. ஆஸ்துமாவில் பீட்டா தடுப்பான்கள் கூடா என்று மருத்துவப் பாடநூல்கள் அனைத்தும் எச்சரிக்கின்றன. மாத்திரை எழுதும்போது நினைவுக்கு வரும் அந்த எச்சரிக்கை, கண் அழுத்த நோய்க்கு டிமோலால் சொட்டு எழுதும்போது பலருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

டிமோலால் 1978இல் அமெரிக்காவில் கண் மருந்தாக ஒப்புதல் பெற்றது. அரை விழுக்காட்டுக் கரைசலின் ஒரு சொட்டில் ஏறக்குறைய 0.2 மில்லிகிராம் மருந்து உண்டு. அளவு சிறிது என்பது உண்மை. ஆனால் அது கண்ணோடு நின்றுவிடுவதில்லை. கண்ணீர்ப் பாதை வழியே மூக்கின் சவ்வை அடைந்து நேரே குருதியில் கலக்கிறது. விழுங்கிய மாத்திரையின் ஒரு பகுதியைக் கல்லீரல் முதற்சுற்றிலேயே சிதைத்துவிடும். சொட்டுக்கு அந்தத் தடை இல்லை. மூச்சுக்குழல் தசைகளைத் தளர்த்திவைப்பவை பீட்டா-2 ஏற்பிகள். டிமோலால் இதயத்தின் பீட்டா-1 ஏற்பிகளோடு இவற்றையும் சேர்த்தே அடைக்கிறது. விளைவாகக் குழல் சுருங்குகிறது. அதே ஏற்பிகளைத் தூண்டியே செயல்படும் சால்பியூட்டமால் இன்ஹேலரும், மிகவும் தேவைப்படும் அந்நேரத்தில் வலுவிழக்கிறது.

இந்தத் தவறு எவ்வாறு நேர்கிறது என்பதை அறிய ஓர் எடுத்துக்காட்டு போதும். மூணாறு எஸ்டேட் ஒன்றில் கொழுந்து பறிக்கும் ஐம்பத்தெட்டு வயதுப் பெண் ஒருவரை எண்ணிக்கொள்வோம். பனிக்காலத்து இழுப்புக்கு எஸ்டேட் மருந்தகத்தில் இன்ஹேலர் வாங்குகிறார். கண் மங்கியதும் போடிமெட்டு வழியே மலையிறங்கித் தேனிக்குச் செல்கிறார். இழுப்பு பற்றிய குறிப்பு கேரளத்துச் சீட்டில் இருக்கிறது. கண் மருத்துவர் கையில் இருப்பதோ புதிய சீட்டு. பாலக்காட்டின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பகுதிகளிலிருந்து பொள்ளாச்சிக்கும் கோவைக்கும் செல்பவர் நிலையும் இதுவே. "ஆஸ்துமா உண்டா?" என்று கேட்டால் "இல்லை" என்பார், ஏனெனில் அவருக்கு அந்நோயின் பெயர் இழுப்பு. எல்லைப்புற மலையாளத்தில் அது வலிவு. "குளிரில் இழுப்பு வருமா, மூச்சுக்கு மருந்து அடிப்பதுண்டா?" என்று கேட்டிருந்தால் விடை வேறாக இருந்திருக்கும்.

சில நாட்களில் இருமலும் இரைப்பும் கூடுகின்றன. அவர் எஸ்டேட் மருத்துவரிடம் செல்கிறார். உட்கொள்ளும் மருந்துகளைச் சொல்லும்போது கண் சொட்டு அவர் நினைவுக்கே வருவதில்லை. பனியின் மீது பழி விழுகிறது, இன்ஹேலரின் அளவு கூட்டப்படுகிறது, சொட்டு தொடர்கிறது. புதிய சொட்டு தொடங்கியபின் இரைப்பு மிகுந்தாலோ, வழக்கமான இன்ஹேலர் பலன் தராமற்போனாலோ, முதலில் ஐயுற வேண்டியது அந்தச் சொட்டையே.

முன்பே ஆஸ்துமா இருந்தவர்கள் மட்டும்தான் கவலைப்பட வேண்டும் என்பதும் சரியன்று. மூச்சுக்குழல் நோய் இல்லாத முதியவர்களிடம்கூட, இச்சொட்டு தொடங்கியபின் அந்நோய்க்கான மருந்துத் தேவை ஏறக்குறைய இருமடங்கானதை 2002இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியான ஆய்வு காட்டியது.

"வேறு வழியில்லை, விலை குறைவு" என்பது வழக்கமான மறுமொழி. விலை உண்மையான தடைதான். ஆனால் வழிகள் உள்ளன. லட்டானோபிராஸ்ட் போன்ற புரோஸ்டகிளாண்டின் வகைச் சொட்டுகளை நாளுக்கு ஒரு முறை விட்டால் போதும். பெரும்பாலும் இவையே முதல் தேர்வு. இவற்றுட் சிலவற்றைத் திறக்குமுன் குளிரில் வைக்க வேண்டும் என்பதையும் எடுத்துச்சொல்ல வேண்டும். டார்சோலமைடு, பிரிமோனிடின், லேசர் சிகிச்சை ஆகியனவும் உண்டு. பிரிமோனிடினோடும் டார்சோலமைடோடும் டிமோலால் கலந்த கூட்டுச் சொட்டுகள் விற்பனையில் இருப்பதால், குப்பியில் வணிகப் பெயரை மட்டும் பார்ப்பது போதாது. பீட்டாக்சலால் பெரிதும் பீட்டா-1 ஏற்பியையே தடுப்பதால் ஆபத்து குறைவு. ஆபத்தே இல்லை என்று சொல்ல முடியாது. சொட்டு விட்டபின் கண்ணின் உள்மூலையை இரண்டு மூன்று நிமிடம் அழுத்துவது உடலிற் சேரும் மருந்தைக் குறைக்கும். ஆஸ்துமாவில் அதை நம்பி டிமோலால் கொடுக்கலாகாது.

இதிலிருந்து எதிர்முனைக்குத் தாவுவதும் பிழையே. மாரடைப்புக்குப் பின்போ இதயச் செயலிழப்பிலோ உயிர்காக்கும் பயன் பெரிதாக இருக்கையில், மருத்துவர் பிசோபுரோலாலைச் சிறு அளவில், கண்காணிப்போடு தொடங்கலாம். அந்த மாத்திரையை நோயாளி தானே திடீரென நிறுத்துவது இதயத்துக்கு ஆபத்து. கண் அழுத்தத்திலோ, மாற்று மருந்துகள் இத்தனை இருக்கையில், அப்படித் துணிய வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் இல்லை.

எனவே கண் மருத்துவர் மூச்சைப் பற்றிக் கேட்க வேண்டும். மூச்சுக்கு மருந்து தருபவர் கண் சொட்டைப் பற்றிக் கேட்க வேண்டும். இழுப்பு உண்டு என்ற வரியும், சொட்டின் மூலப்பெயரும் ஒரே சீட்டில் எழுதப்பட்டு, எல்லையின் இருபுறமும் நோயாளியோடு செல்ல வேண்டும். இதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. கேட்கப்படாத ஒரு கேள்வியின் விளைவை நோயாளியின் நுரையீரல் மீது சுமத்துவதற்கு, கூட்ட நெரிசலைக் காரணம் காட்ட முடியாது.