துத்தநாகம் எந்த முனை? பெயருக்கு மார்க்கா, புரிதலுக்கு மார்க்கா?

பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் விடைத்தாள் திருத்தியவர்களுக்கு இந்தச் சண்டை புதிதல்ல. மின்வேதியியல் கேள்வி வந்தாலே முகாமில் ஒரு மேசையிலாவது குரல் உயரும். ஓய்வு பெற்றுச் சேதராப்பட்டில் உட்கார்ந்திருக்கும் இந்த வயதிலும் எனக்கு அந்தக் கோபம் தணியவில்லை. அதைச் சொல்லிவிடுகிறேன்.

டேனியல் கலம் நினைவிருக்கும். துத்தநாகத் தகடு ஒரு பக்கம், தாமிரத் தகடு மறுபக்கம், நடுவில் உப்புப்பாலம். கேள்வி எளியது: முனைகளில் நடக்கும் வினைகளை எழுதுக, எலக்ட்ரான் செல்லும் திசையைக் குறிப்பிடுக.

ஒரு பையன் இப்படி எழுதுகிறான். "துத்தநாகம் எதிர்மின்முனை. அங்கே Zn → Zn²⁺ + 2e⁻. எலக்ட்ரான்கள் கம்பி வழியாகத் தாமிரத்துக்குப் போகின்றன. அங்கே Cu²⁺ + 2e⁻ → Cu."

இன்னொருவன் எழுதுகிறான். "துத்தநாகம் நேர்மின்முனை." வினைகள் இரண்டும் சரி. ஆனால் படத்தில் அம்புக்குறி தாமிரத்திலிருந்து துத்தநாகத்துக்குப் போகிறது.

விடைக்குறிப்பில் "நேர்மின்முனை - துத்தநாகம்" என்று இருக்கும். அதனால் முதல் பையனுக்கு முனைப் பெயருக்கான மார்க் போய்விடும். கண்டிப்பான திருத்துநர் என்றால் "முனையே தப்பு" என்று அதன் கீழுள்ள வினைகளையும் அடித்துவிடுவார். இரண்டாமவனுக்கு அம்புக்குறிக்கு மட்டும் மார்க் குறையும்.

யாருக்குப் புரிந்திருக்கிறது? துத்தநாகம் எலக்ட்ரானை வெளியே விடுகிறது என்று எழுதிய கையே, கம்பி வழியாக அதே தகட்டுக்கு எலக்ட்ரானைக் கொண்டுவந்து சேர்த்தால், அவன் மனப்பாடம் செய்தவன். முதல் பையன் சொன்னதில் வேதியியல் பிழை எதுவும் இல்லை. டேனியல் கலத்தில் துத்தநாகத் தகட்டின் மின்குறி எதிர்க்குறிதான். வோல்ட்மீட்டரை வைத்துப் பாருங்கள், தாமிரம் நேர்க்குறி, துத்தநாகம் எதிர்க்குறி, திட்ட நிலையில் வித்தியாசம் 1.10 வோல்ட். கண்ணால் கண்டதை அவன் தமிழில் எழுதினான்.

குற்றம் கலைச்சொல்லில் இருக்கிறது. ஆனோடு, கேத்தோடு என்ற சொற்களை 1834-இல் மைக்கேல் ஃபாரடே புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். எலக்ட்ரான் என்ற ஒன்றை ஜே. ஜே. தாம்சன் கண்டறிந்தது 1897-இல்தான். ஃபாரடேயின் கிரேக்கச் சொற்களுக்கு மேல்வழி, கீழ்வழி என்றுதான் பொருள். நேர், எதிர் என்ற குறியே அவற்றில் கிடையாது. தமிழில் ஆனோடை நேர்மின்முனை என்றும் கேத்தோடை எதிர்மின்முனை என்றும் வைத்தோம். மின்னாற்பகுப்புக் கலத்துக்கு அது பொருந்தும். அங்கே ஆனோடு மின்கலத்தின் நேர்முனையோடு இணைக்கப்பட்டது. மின்சாரம் தரும் டேனியல் கலத்துக்கு வந்தால், "நேர்மின்முனை எதிர்மின்குறி கொண்டது" என்று பிள்ளை எழுத வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்தில் படிக்கும் பிள்ளைக்கு இந்தத் தொல்லை இல்லை.

வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியைப் பாருங்கள். சிவப்பு முனை எப்போதும் நேர்முனைதான், சார்ஜ் ஏறும்போதும் இறங்கும்போதும் மாறுவதில்லை. ஆனால் மின்சாரம் தரும்போது எதிர்க்குறித் தகட்டில் ஈயம் எலக்ட்ரானை இழக்கிறது, அது ஆனோடு. சார்ஜ் ஏறும்போது அதே தகட்டில் ஈய சல்பேட் எலக்ட்ரானைப் பெற்று ஈயமாகிறது. இப்போது அது கேத்தோடு. குறி நிற்கிறது, பெயர் இடம் மாறுகிறது. குறியைப் பெயருக்குள் பூட்டி வைத்தால் பிள்ளை குழம்பாமல் என்ன செய்வான்?

"விடைக்குறிப்பு எல்லோருக்கும் ஒன்றுதானே, ஆளுக்கு ஆள் மாற்றினால் நியாயமா?" என்பார்கள். நான் தனிச்சலுகை கேட்கவில்லை, குறிப்பையே வேறு வரிசையில் எழுதச் சொல்கிறேன். முதலில் வினை: எந்தத் தகட்டில் எலக்ட்ரான் இழப்பு, எதில் ஏற்பு. அடுத்து திசை: வெளிக்கம்பியில் இழப்பு நடக்கும் தகட்டிலிருந்து ஏற்பு நடக்கும் தகட்டுக்கு. மூன்றாவது மின்குறி. பெயர் கடைசியில். முதல் மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தி நின்றால், "எதிர்மின்முனை" என்று குறியைச் சொன்ன பிள்ளைக்கு ஒரு மார்க்கும் குறையக் கூடாது.

இதற்கும் எல்லை உண்டு. துத்தநாகம் "கேத்தோடு" என்று எழுதினால் அது தப்புதான். அந்தச் சொல்லில் குறி இல்லை, சாக்கும் இல்லை. உப்புப்பாலம் வழியாக எலக்ட்ரான் நீந்திப் போகிறது என்று எழுதினாலும் மார்க் கிடையாது. அங்கே நகர்வது அயனிகள்.

புதுவை அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இக்கு மாறிவிட்டன, இனி எதற்கு இந்தப் பேச்சு என்று கேட்கலாம். எல்லை தாண்டி வானூர்ப் பக்கம் போனால் தமிழில் படிக்கும் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். தாய்மொழியில் யோசித்து எழுதியதற்காக அவர்கள் மார்க்கை வெட்டுவது திருத்தம் ஆகாது. தண்டனை என்றுதான் அதைச் சொல்ல வேண்டும்.