“கேஸ் முடியட்டும்” என்று சொல்லாதீர்கள்

வாகரையில் ஒரு பெண்ணைப் புருசன் விட்டுப் போய், விவாகரத்து வழக்கும் போட்டுவிட்டான் என்றால், அவள் வீட்டு முற்றத்தில் முதலில் விழும் சொல் இதுதான்: “கேஸ் முடியட்டும் மனே, அதுக்குப் பிறகுதான் காசு கேட்கலாம்.” பெரியம்மா, அயல் வீட்டு மாமா, கோயில் தலைவர் என்று எல்லாரும் இதைச் சொல்கிறார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் சட்டம் அப்படி இல்லை. இந்தச் சொல்லை நம்பி ஒரு பெண் இரண்டு, மூன்று வருசம் அடுத்தவர் வீட்டுச் சோற்றில் பிள்ளை வளர்க்கிறாள்.

எங்கள் நாட்டில் விவாகரத்து வழக்கு சீக்கிரம் முடிவதில்லை. சோரம், கெட்ட எண்ணத்தோடு கைவிட்டுப் போதல், தீர்க்க முடியாத ஆண்மைக் குறைவு ஆகிய மூன்றில் ஒன்றை நிரூபித்தாக வேண்டும். நிரூபித்த பிறகும் முதல் தீர்ப்பாணை உறுதியாக மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். இடையில் தவணைக்குத் தவணை திகதி தள்ளிப் போகும். இந்தக் காலம் முழுக்க மனைவி பட்டினி கிடக்கட்டும் என்று எந்தச் சட்டமும் எழுதியிருக்கவில்லை. குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 614ஆம் பிரிவு, வழக்கு நடக்கும்போதே மனைவி தாபரிப்புக் கேட்டு மனுப் போடலாம் என்று சொல்கிறது. வழக்கைப் போட்டது புருசனா மனைவியா என்பது அங்கே கணக்கில் இல்லை. மனுவும் சத்தியக்கடதாசியும் வைத்துச் சுருக்க நடவடிக்கையில் போகும் விசயம் அது. மூல வழக்கின் சாட்சி விசாரணை தொடங்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பிள்ளைகளின் பொறுப்பு, சாப்பாடு, படிப்பு பற்றியும் தீர்ப்புக்கு முன்பே இடைக்கால ஆணை கேட்கலாம்.

தொகை எப்படி வருகிறது என்பதையும் சொல்கிறேன். புருசனின் கடைசி மூன்று வருசச் சராசரி நிகர வருமானத்தைச் சட்டம் எடுத்துக்கொண்டு, அதில் ஐந்தில் ஒரு பங்கை அளவுகோலாக வைக்கிறது. கணக்குக்காக ஒரு உதாரணம். படகு வைத்திருக்கும் ஒருவர் எண்ணெய், வலை, கூலி எல்லாம் போக முதல் வருசம் மாதம் 60,000 ரூபாயும், அடுத்த வருசம் 75,000 ரூபாயும், மூன்றாம் வருசம் 90,000 ரூபாயும் கையில் எடுத்திருக்கிறார் என்று வையுங்கள். சராசரி 75,000. அதில் ஐந்தில் ஒன்று 15,000. “அவன் கடல்ல போற ஆள், அவனுக்கு என்ன சம்பளம்?” என்று கேட்டுக் கைவிடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். மாதச் சம்பளம் இல்லாதவனுக்கும் வருமானம் உண்டு. படகின் பதிவு, மீன் வாங்கும் முதலாளியின் பற்றுக் கொப்பி, வங்கிப் புத்தகம் எல்லாம் அதற்குச் சாட்சி. அவன் “கடல் இப்ப சரியில்லை” என்று சொல்வான். மூன்று வருசச் சராசரி பார்ப்பதால் ஒரு மோசமான பருவத்தை மட்டும் காட்டித் தப்ப முடியாது.

இன்னொரு கதவும் இருக்கிறது. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். விவாகரத்து வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில் ஓடுகிறது என்பது இதற்குத் தடையில்லை. தீர்ப்பு உறுதியாகும்வரை அவள் மனைவிதான். பிள்ளைகளுக்கோ அதற்குப் பிறகும் உரிமை உண்டு. வாகரைப் பெண் பனிச்சங்கேணிப் பாலம் தாண்டி வாழைச்சேனைக்கு பஸ் ஏறினால் போதும். இரண்டு இடத்திலும் இரட்டைத் தொகை கிடைக்காது, ஒன்றில் வாங்குவது மற்றதில் கணக்குக்கு வரும். ஆனால் நீதவான் கட்டளையை மதிக்காமல் பணம் கட்டாதவனைப் பிடியாணையில் கொண்டுவரலாம், மாதத்துக்கு மாதம் சிறைக்கும் அனுப்பலாம். அந்தப் பயம் பலரைக் கட்ட வைக்கிறது.

எவ்வளவு சீக்கிரம் கிடைக்கும் என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். இந்தியாவில் 2001ஆம் ஆண்டுத் திருத்தம், அறிவித்தல் கொடுத்த நாளிலிருந்து 60 நாளைக்குள் இடைக்கால மனுவை முடிந்தவரை முடித்துவிட வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அங்கேயும் அது பல இடத்தில் மீறப்படுகிறது, அது வேறு கதை. எங்கள் 614ஆம் பிரிவில் அப்படி நாள் எண்ணி வைக்கவில்லை. ஆகவே வேகம் இரண்டு இடத்தில் தீர்மானமாகிறது. ஒன்று அழைப்பாணை அவன் கையில் சேர்வது, மற்றது வருமானத்தை அவன் மறுக்கும்போது காட்ட நம்மிடம் கடதாசி இருப்பது. விலாசம் தவறாகக் கொடுத்தால் அழைப்பாணை திரும்பி வரும், ஒரு தவணை வீணாகும். அவன் இப்போது மாங்கேணியில் அக்கா வீட்டில் இருக்கிறானா, வேறு ஊர்ப் படகில் போகிறானா என்று விசாரித்து எழுதுவது அந்தத் தவணையை மிச்சப்படுத்தும். அவன் கத்தாரில் இருந்தால் இதெல்லாம் கடினம், அதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் அங்கேயிருந்து அவன் அம்மாவுக்கு வரும் பணத்தின் சீட்டுகூட ஒரு சாட்சி.

“பிறகு பார்ப்போம்” என்று இருந்தால் என்ன இழப்பு? நீதவான் நீதிமன்றத்தில் தொகை சாதாரணமாக விண்ணப்பித்த நாளிலிருந்துதான் கணக்காகும். காரணம் எழுதி வேறு நாள் குறிக்கவும் நீதவானுக்கு இடமுண்டு. அப்படிக் குறிக்காவிட்டால், விண்ணப்பிக்காமல் போன மாதங்களுக்கு யாரும் அவளுக்குத் திருப்பித் தருவதில்லை. மாதம் 15,000 என்றால், வழக்கு முடியட்டும் என்று காத்திருந்த 20 மாதத்துக்கு 300,000 ரூபாய் அவளுடைய பிள்ளைகளின் தட்டிலிருந்து போயிருக்கிறது.

எனக்கு மிகவும் கோபம் வரும் இடம் வேறொன்று. சண்டை முற்றியதும் யாராவது நடுவில் நின்று, “ரெண்டு பேரும் விருப்பத்தோட பிரிஞ்சு இருக்கிறோம்” என்று ஒரு கடதாசியில் கையெழுத்து வாங்குவார்கள். சமாதானமாகப் போகட்டும் என்று நினைத்துத்தான் செய்கிறார்கள். என் சொந்தத்தில் ஒருத்தி அப்படிக் கையெழுத்துப் போட்டாள், படித்துப் பார்க்கவும் விடவில்லை. தாபரிப்புச் சட்டம், இருவரும் பரஸ்பர சம்மதத்தோடு பிரிந்து வாழ்ந்தால் மனைவிக்குத் தாபரிப்புக் கட்டளை கிடையாது என்கிறது. அந்த ஒரு வசனம் அவளுடைய உரிமையை விழுங்கியது. பிள்ளைகளுக்கான தொகையை மட்டும் அது தொடவில்லை. அவன் அடித்து விரட்டியதால் வந்தவள், “அடித்ததால் வந்தேன்” என்றுதான் எழுத வேண்டும். அடி உதை இருந்தால் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாப்புக் கட்டளையோடு அவசரப் பண உதவியும் கேட்கலாம்.

“தாபரிப்புக் கேட்டால் விவாகரத்துக்கு ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும்” என்றும் ஒரு பேச்சு இருக்கிறது. அது தவறு. கேட்டவள் வழக்கை எதிர்த்து வாதாடலாம், அவனோடு சேர்ந்து வாழவும் விரும்பலாம். செலவுக்குப் பயந்து சட்டத்தரணியிடம் போகாதவளுக்கும் வழியுண்டு. வசதியுள்ள துணை வழக்குச் செலவையும் தர வேண்டும் என்று வழக்கின் எந்தக் கட்டத்திலும் நீதிமன்றம் கட்டளையிடலாம். மட்டக்களப்பில் சட்ட உதவி ஆணைக்குழுவும் இருக்கிறது. முஸ்லிம் விவாகம் என்றால் இந்த வழி அல்ல, காதியிடம் போக வேண்டும்.

ஆகவே அடுத்த முறை முற்றத்தில் அந்தச் சொல் விழும்போது, யாராவது ஒருவர் எழுந்து, “பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் எங்கே? விவாகப் பதிவு எங்கே? அவன் படகுக்குப் பதிவு யார் பேரில் இருக்கிறது?” என்று கேளுங்கள். நாளை காலை முதல் பஸ் எத்தனை மணிக்கு என்றும் கேளுங்கள்.