லேப்டாப்பில் காபி கொட்டினால் முதலில் எதைக் காப்பாற்றுவது?

புதிதாக லேப்டாப் வாங்கிய வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கீ போர்டு மீது தண்ணீரோ காபியோ கொட்டிவிட்டது. லேப்டாப் இன்னும் ஓடிக் கொண்டிருக்கிறது. அது நிற்பதற்குள் முக்கியமான பைல்களை பென் டிரைவில் காப்பி செய்து கொள்ளலாமா? கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கூடவே கூடாது என்பதுதான் என் பதில்.

காரணத்தைச் சொல்கிறேன். காபி உங்கள் டேட்டாவை அழிப்பதில்லை. பைல்கள் எஸ்.எஸ்.டி. என்னும் சேமிப்பு டிரைவில் உள்ள சிப்களுக்குள் இருக்கின்றன. மின்சாரம் இல்லாத நிலையில் அந்தச் சிப்கள் மீது நாலு சொட்டு காபி பட்டாலும், உள்ளே எழுதியிருப்பது அப்படியே இருக்கும். ஆபத்து எல்லாம் மின்சாரத்தால்தான் வருகிறது. பல லேப்டாப் சார்ஜர்கள் 19 வோல்ட் அளவில் மின்சாரம் தருகின்றன. இன்று பெரும்பாலான லேப்டாப்களில் உள்ள எம்.2 வகை எஸ்.எஸ்.டி.க்குத் தேவைப்படுவது 3.3 வோல்ட் மட்டுமே. மதர் போர்டில் இந்த இரண்டு பாதைகளும் அருகருகே ஓடும் இடங்கள் உண்டு. அங்கே காபி பாலம் போட்டுவிட்டால், அதிக வோல்ட் மின்சாரம் எஸ்.எஸ்.டி.க்குள் புகுந்து அதைக் கருக்கிவிடலாம். அப்போதுதான் டேட்டா உண்மையில் போகிறது. பைல்களைக் காப்பி செய்ய லேப்டாப்பை ஓட விடும் பத்து நிமிடங்களும் இந்தச் சூதாட்டம்தான்.

எனவே கொட்டிய உடனே சுவரில் உள்ள சுவிட்சை அணைத்து, சார்ஜரை நீக்கவும். பின் பவர் பட்டனை விடாமல் சுமார் 10 விநாடிகள், விளக்குகள் அணையும் வரை அழுத்திப் பிடிக்கவும். ஸ்டார்ட் மெனு சென்று முறையாக ஷட் டவுன் செய்ய வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். ஷட் டவுன் ஆகும் நேரத்தில் விண்டோஸ் அப்டேட் தொடங்கினால் அதுவே சில நிமிடங்களை விழுங்கும். இப்படி நிறுத்துவதால் நீங்கள் சேவ் செய்யாத கடைசி வரிகள் போகலாம். ஏற்கெனவே சேவ் செய்தவை பொதுவாக அப்படியே இருக்கும். மூடியை மட்டும் மூடி வைப்பதும் பயன் தராது. லேப்டாப் ஸ்லீப் நிலைக்குச் செல்லும். உள்ளே மின்சாரம் ஓடிக் கொண்டே இருக்கும்.

அடுத்து, பென் டிரைவ், மவுஸ் போன்றவற்றை எடுத்துவிட்டு, லேப்டாப்பை விரித்த நிலையில் ஒரு துண்டின் மீது கூரை போலக் கவிழ்த்து வைக்கவும். கீல் மேலேயும், திரை மற்றும் கீ போர்டின் ஓரங்கள் கீழேயும் இருக்க வேண்டும். குலுக்க வேண்டாம். ஹேர் டிரையர் காற்று ஈரத்தை இன்னும் உள்ளே தள்ளும். அரிசிப் பாத்திரத்தில் புதைக்கும் வைத்தியத்தை யார் தொடங்கி வைத்தார்களோ தெரியவில்லை! அரிசி, மதர் போர்டில் ஒட்டிய பாலையும் சர்க்கரையையும் எடுக்காது. தவிடும் தூசும்தான் உள்ளே போகும்.

இங்கே பலர் நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் இன்றைய லேப்டாப்களில் பேட்டரி உள்ளேயே இருக்கிறது. அணைத்த பின்னும் மதர் போர்டின் சில பாதைகளில் மின்சாரம் இருந்து கொண்டே இருக்கும். ஈரத்துடன் அது சேரும்போது செம்புப் பாதைகள் பச்சை பூத்து அரிக்கப்படுகின்றன. எனவே அந்த முதல் ஒரு மணி நேரத்திற்குள் பேட்டரி இணைப்பைக் கழற்றுவதுதான் முக்கியம். உங்களால் முடியாது என்றால் அருகில் உள்ள மெக்கானிக்கிடம் அப்போதே கொண்டு செல்லவும். "காலையில் பார்க்கலாம்" என்று வைக்க வேண்டாம்.

என் பக்கத்து வீட்டு ஆசிரியை ஒருவரின் லேப்டாப்பில் நடந்ததைச் சொல்கிறேன். டம்ளர் காபி முழுவதும் கொட்டிவிட்டது. உள்ளே அரையாண்டுத் தேர்வு மதிப்பெண்கள். போனில் அழைத்த அவரிடம், மேலே சொன்னபடி அணைத்துக் கவிழ்த்து வைக்கச் சொன்னேன். அரை மணி நேரத்தில் அடி மூடியைக் கழற்றினோம். பத்து திருகுகள், பின்புறம் இரண்டு மட்டும் நீளமானவை. முதலில் பேட்டரியின் இணைப்பு. காபி டச்பேடுக்கு மேலே, விசிறி ஓரமாகத் தேங்கியிருந்தது. எஸ்.எஸ்.டி. மறுபக்கம் இருந்தது. சூயிங் கம் பட்டை போன்ற சிறிய அட்டை, 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம், ஒரே ஒரு திருகு. அதைக் கழற்றி, தங்க நிறப் பற்களை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, நன்றாக உலர விட்டேன். பிறகு யு.எஸ்.பி. மூலம் இணைக்கும் எம்.2 பெட்டி ஒன்றில் பொருத்தி, என் கம்ப்யூட்டரில் இணைத்தேன். இந்தப் பெட்டி வாங்கும்போது உங்கள் எஸ்.எஸ்.டி. என்விஎம்இ வகையா, சாட்டா வகையா என்று அதன் லேபிளைப் பார்த்து வாங்கவும்.

டிரைவ் தெரிந்தது, ஆனால் பூட்டுச் சின்னத்துடன்! உண்மையான சிக்கல் இங்கேதான். விண்டோஸ் 11 உள்ள பல லேப்டாப்களில், மைக்ரோசாப்ட் அக்கவுண்ட் மூலம் நுழைந்தவுடன், நம்மைக் கேட்காமலேயே டிரைவ் பூட்டப்படுகிறது. வேறு கம்ப்யூட்டரில் திறக்க 48 இலக்க ரெக்கவரி கீ வேண்டும். அது aka.ms/myrecoverykey என்ற முகவரியில், அதே அக்கவுண்ட்டில் இருக்கும். ஆசிரியையின் அக்கவுண்ட்டில் எதுவும் இல்லை. லேப்டாப்பை முதன்முதலில் தயார் செய்தது அவர் மகன், அவனுடைய இமெயில். அவன் போனிலிருந்து எண்ணைச் சொல்ல, டிரைவ் திறந்தது. பயனர் போல்டரைத் திறக்கும்போது அனுமதி இல்லை என்று செய்தி வந்தால் Continue அழுத்தலாம். ஆனால் டிரைவை Format செய்ய வேண்டும் என்று கேட்டால், Cancel மட்டும்தான் அழுத்த வேண்டும். மதிப்பெண்கள் கிடைத்தன. லேப்டாப்பை அதன் பிறகுதான் பழுது பார்க்கக் கொடுத்தார். மதர் போர்டைச் சுத்தம் செய்து, கீ போர்டை மாற்றினார்கள்.

எல்லா லேப்டாப்பிலும் இது நடக்காது. 2018 முதல் வந்த மேக்புக் ஏர் மாடல்களிலும், இ.எம்.எம்.சி. சேமிப்பு கொண்ட விலை குறைந்த லேப்டாப்களிலும் சேமிப்புச் சிப்கள் மதர் போர்டிலேயே பற்ற வைக்கப்பட்டிருக்கும். கழற்ற முடியாது. அந்த மேக்புக்குகளில் சிப்பைப் பெயர்த்தெடுத்தாலும் பயனில்லை. திறவுகோல் அதே போர்டில் உள்ள வேறொரு சிப்பில் இருக்கிறது. போர்டு உயிர் பெற்றால்தான் டேட்டா கிடைக்கும். இவற்றில் அணைத்துவிட்டு, மீண்டும் ஒரு முறைகூட ஆன் செய்து பார்க்காமல், போர்டு அளவில் பழுது பார்க்கும் இடத்திற்குக் கொண்டு செல்வதே வழி.

சர்வீஸ் சென்டருக்குச் செல்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவும். சாதாரண வாரண்டி, திரவம் கொட்டியதற்குப் பொருந்தாது. பழுதான மதர் போர்டை மாற்றித் தருவதே பல இடங்களில் வழக்கம். பழைய போர்டை எடுத்துக் கொள்வார்கள். டேட்டாவும் அதனுடன் போய்விடும். எனவே கழற்றக் கூடிய எஸ்.எஸ்.டி. என்றால் அதை எடுத்துக் கொண்டு லேப்டாப்பைக் கொடுக்கவும். கழற்ற முடியாதது என்றால், "டேட்டா வேண்டும், என்னைக் கேட்காமல் போர்டை மாற்றக் கூடாது" என்று ஜாப் ஷீட்டில் எழுதச் சொல்லி, அதன் நகலை வாங்கிக் கொள்ளவும்.