அந்நியர் வாங்கிய கால் பங்கு

புதுவை நகரில் பெரிய வீடுகளைப்பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், "மற்றப் பங்காளிகள் கையெழுத்துப் போடாத பத்திரம் செல்லாது" என்று ஒருவராவது உறுதியாகச் சொல்லக் கேட்கிறோம். இந்த நம்பிக்கையினால் நஷ்டமடைந்த குடும்பங்கள் பல. பிரிபடாத சொத்தில் ஒருவருக்குள்ள பங்கை அவர் யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம்; உடன்பிறந்தார் சம்மதம் வேண்டியதில்லை. அந்தக் கிரயம் செல்லும். ஆனால், வாங்கியவருக்குக் கிடைப்பது என்ன என்பது வேறு கேள்வி. அதில்தான் மற்றவர்களுடைய பாதுகாப்பு அடங்கியிருக்கிறது.

விஷயம் விளங்குவதற்காக ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். வைசியாள் வீதி போன்ற ஒரு வீதியில் திண்ணையும் முற்றமும் தாழ்வாரமுமாக ஒரு பூர்வீக வீடு. தகப்பனார் உயில் எழுதாமல் காலமானார். புதுவையில் பழைய ஹிந்து வழக்கப்படி தகப்பனார் ஜீவித்திருக்கும் வரையில் சொத்து முழுவதும் அவருடையதே. பிள்ளைகளுக்குப் பிறப்பினால் பாத்தியதை கிடையாது. ஆகவே கூட்டு உரிமை அவர் மறைந்த தினத்தில்தான் உண்டாயிற்று. ஹிந்து வாரிசுச் சட்டப்படி தாயார், இரண்டு பிள்ளைகள், ஒரு பெண் ஆகிய நால்வருக்கும் ஆளுக்குக் கால் பங்கு. தாயாரும் இளைய பிள்ளையும் அவ்வீட்டிலேயே வசிக்கிறார்கள். மூத்தவர் சென்னையில் இருக்கிறார். அவசரப் பணத்தேவையால் தம் பங்கை ஒரு தரகர் மூலம் அந்நியர் ஒருவருக்குப் பன்னிரண்டு லட்சத்துக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறார். வீட்டின் உண்மை மதிப்பு எண்பது லட்சம் என்று வைத்துக்கொண்டால், அந்தப் பங்கு இருபது லட்சம் பெறும். வம்பு வழக்குடன் சேர்த்து வாங்குகிறவர் குறைத்துத்தானே கேட்பார்!

கிரயப் பத்திரத்தில் "வடக்குப் பக்கத்து அறை இரண்டும்" என்று நான்கெல்லை எழுதியிருப்பதும் உண்டு. அதைக் கண்டு மனம் கலங்கவேண்டியதில்லை. பிரிவினை ஆகாத வீட்டில் ஒவ்வொரு செங்கல்லிலும் நால்வருக்கும் பாத்தியதை இருக்கிறபடியால், இன்ன அறை தம்முடையது என்று சொல்ல மூத்தவருக்கே உரிமையில்லை. தம்மிடம் இல்லாததை அவர் விற்கவும் முடியாது. வாங்கியவருக்குக் கிடைத்தது கால் பங்கு. அது எந்த இடம் என்பது பின்னால் பிரிவினையில் தீரவேண்டிய விஷயம்.

ஒரு நாள் காலை அவர் பூட்டும் சாவியுமாக வந்து நிற்கிறார். இங்கேதான் சொத்து மாற்றுச் சட்டத்தின் 44-வது பிரிவு துணைக்கு வருகிறது. 1882-ஆம் வருஷத்திய இச்சட்டம் 1968-இல் இயற்றப்பட்ட நீட்டிப்புச் சட்டத்தின் மூலம் புதுவைக்கு வந்தது. பங்கை வாங்கியவர் விற்றவருடைய இடத்தில் நின்று கூட்டு அனுபவத்தையும் பிரிவினையையும் கேட்கலாம் என்று அது முதலில் கூறுகிறது. ஆனால், பிரிபடாத குடும்பம் குடியிருக்கும் வீடானால், குடும்பத்தைச் சேராதவர் உள்ளே வந்து கூட இருந்து அனுபவிக்க முடியாது என்று உடனே விலக்கும் வைக்கிறது. அதாவது, பிரிவினை கேட்டு வழக்குத் தொடுக்கலாம், வாசற்படி தாண்டக்கூடாது. குடும்பம் என்றால் ஹிந்துக் கூட்டுக் குடும்பம் மட்டுமே என்று எண்ண வேண்டாம். ஒரு பார்ஸிக் குடும்பத்து வீட்டைப்பற்றி 1990-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், வாங்கியவர் உள்ளே புகுந்துவிட்ட பிறகும் இடைக்கால உத்தரவால் அவரை விலக்கி வைத்ததைச் சரியென்றே கொண்டது. ஆனாலும், புகுந்தவரை வெளியேற்றுவதைவிடப் புகுமுன் தடை வாங்குவது எவ்வளவோ சுலபம். "வந்து பார்க்கட்டும்" என்று ஆறு மாதம் காத்திருப்பவர்களைக் கண்டு நாம் வியப்பதுண்டு.

உள்ளே வர முடியாதவர் அடுத்தபடி என்ன செய்வார்? பிரிவினை வழக்குத் தொடுப்பார். அவர் அதைத் தொடுக்கும் அந்தக் கணமே குடும்பத்தாருக்கு வாய்ப்பான கணம். 1893-ஆம் வருஷத்துப் பிரிவினைச் சட்டத்தின் நாலாவது பிரிவுப்படி, குடும்பத்தைச் சேர்ந்த எந்தப் பங்குதாரரும் "அந்தப் பங்கை நாங்களே வாங்கிக்கொள்கிறோம்" என்று நீதிமன்றத்தில் ஒப்புக்கொள்ளலாம். நீதிமன்றம் மதிப்பீடு செய்து, அந்த விலைக்கு அவர்களுக்கே விற்கும்படி உத்தரவிடும். அந்நியர் மறுப்பதற்கில்லை. இந்த உரிமையைக் கேட்கக் காலம் கடந்துவிட்டதென்று எளிதில் சொல்லிவிடவும் முடியாது. பிரிவினை முழுவதும் நிறைவேறி முடியும் வரையில், நிறைவேற்று நிலையிலும் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்திருக்கிறது.

இதில் ஓர் ஆபத்து உண்டு. ஆத்திரத்தில் இளையவரே முந்திக்கொண்டு பிரிவினை வழக்குப் போட்டுவிட்டால் என்ன ஆகும்? நாலாவது பிரிவு, வாங்கிய அந்நியர் வழக்குத் தொடுக்கும்போதுதான் வேலை செய்கிறது. அந்நியர் பிரிவினை கேட்காமலிருக்க, குடும்பத்தாரே வழக்குப் போட்டு அதில் அவர் பங்கை வாங்கிக்கொள்ளக் கேட்க முடியாது என்பதை 2000-ஆம் வருஷத்துத் தீர்ப்புகள் தெளிவாக்கிவிட்டன. தடை உத்தரவு கேட்கும் வழக்கு வேறு, பிரிவினை வழக்கு வேறு. முதலாவதை உடனே தொடுக்கலாம். இரண்டாவதை அவர் தொடுக்கட்டும் என்று விட்டிருப்பதே உத்தமம்.

"வீட்டையே ஏலத்துக்குக் கொண்டு வருவேன்" என்று அவர் மிரட்டக்கூடும். பகுக்க முடியாத சொத்தை விற்றுப் பணமாகப் பிரிக்கும்படி அதே சட்டத்தின் இரண்டாவது பிரிவில் கேட்பதற்குப் பாதியோ அதற்கு மேலோ பங்குள்ளவர் வேண்டும். கால் பங்குக்காரர் தனியாக அதைக் கேட்டு வாங்க இயலாது.

விற்கும் முன்பே தடுக்க வழியில்லையா என்று கேட்கலாம். ஹிந்து வாரிசுச் சட்டத்தின் 22-வது பிரிவு இருக்கிறது. முதல் வகுப்பு வாரிசுகளில் ஒருவர் தமக்கு வந்த பங்கை விற்க முற்பட்டால், மற்ற வாரிசுகளுக்கு முன்னுரிமை உண்டு. விலை ஒத்துவராவிட்டால் நீதிமன்றம் நிர்ணயிக்கும். நம் உதாரணத்தில் நால்வரும் அவ்வகுப்பினரே. ஆனால் விற்க நினைப்பவர் எழுத்துமூலம் அறிவிக்க வேண்டும், இத்தனை நாள் தவணை தர வேண்டும் என்று அச்சட்டம் சொல்லவில்லை. ஆதலால் பல குடும்பங்கள் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்த பிறகே சங்கதியை அறிகின்றன. பிரெஞ்சுக்காரர் இதைத் திருத்தமாகச் செய்திருக்கிறார்கள். 1976-இல் அவர்கள் இயற்றிய சட்டப்படி, விற்பவர் விலையையும் நிபந்தனைகளையும் வாங்குபவர் பெயரையும் மற்றப் பங்காளிகளுக்கு முறையாக அறிவித்து ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். அதற்கு முன் நெப்போலியன் காலத்துச் சிவில் சட்டத்தின் 841-வது பிரிவு, வாரிசுரிமையை வாங்கிய அந்நியருக்கு அவர் கொடுத்த விலையைத் திருப்பிக் கொடுத்து விலக்கிவிட இடம் தந்தது.

அந்த முறையில், நம் குடும்பத்தார் பன்னிரண்டு லட்சத்தைக் கொடுத்தால் போதும். நம் நாலாவது பிரிவிலோ, பத்திரத்தில் கண்ட கிரயம் பேசாது. நீதிமன்றத்து மதிப்பே பேசும். இருபது லட்சம் பெறும் பங்குக்கு இருபது லட்சமே தரவேண்டும். லாபம் எட்டு லட்சமும் அந்நியருக்குத்தான். இது நியாயமா என்று கேட்டால், அவசரத்தில் விற்ற அண்ணனுக்குக் கிடைக்காதது தரகருடன் வந்தவருக்குக் கிடைக்கிறதே என்று நமக்கும் மனம் உறுத்தத்தான் செய்கிறது.

வாங்க ஒப்புக்கொண்டு பணம் கட்டத் தவறினால் மனு தள்ளுபடியாகி, செலவும் தலைமேல் விழும். ஆகவே தொகைக்கு வழி செய்துகொண்ட பிறகே மனுச் செய்ய வேண்டும். இளையவரும் சகோதரியும் தனித்தனியே மனுப்போட்டால், மதிப்புக்கு மேல் யார் அதிகம் தருகிறார்களோ அவருக்கே பங்கு என்று சட்டம் கூறுவதால், தங்களுக்குள்ளேயே விலையை ஏற்றிக்கொண்டவர்கள் ஆவார்கள். தாயாரையும் சேர்த்துக்கொண்டு மூவரும் ஒரே மனுவில் கையெழுத்திடுவதே சிக்கனம்.